கிராம், கிலோ, குவிண்டால், டின் கலந்த விலைப்பட்டியலை ஒரே அட்டவணையாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டியிலிருந்து வாட்ஸ்அப்பில் பட்டியல் இப்படித்தான் வருதுங்க. இதை எப்படி ஒரே கணக்குக்குக் கொண்டு வர்றது?

```
மிளகு 100கி ரூ.92
சீரகம் 1/4 - 85
ஏலக்காய் 50 கி - 175
கொத்தமல்லி 5 கி 640
விரலி மஞ்சள் குவிண்டால் 14,800
நாட்டுச்சர்க்கரை 60 கி மூட்டை 3,060
பொன்னி அரிசி மூட்டை 1,404
வெண்ணெய் 500 கி 330
கடலை எண்ணெய் 15 லி டின் 2,730
கடலை எண்ணெய் 15 கிலோ டின் 2,880
முட்டை அட்டை 165
```

ஒவ்வொரு வரியிலும் பொருள், அளவு, அலகு, விலை என நான்கு சங்கதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தனித்தனி நெடுவரிசையாகப் பிரித்துவிட்டால் மிச்சமிருப்பது ஒரே ஒரு வகுத்தல்தான்: விலையை, கிலோவாக மாற்றிய எடையால் வகுக்க வேண்டும். மிளகுக்கு 92-ஐ 0.1-ஆல் வகுத்தால் கிலோ 920 ரூபாய்.

கணக்கு எளிது, பிரிப்பதுதான் பாடு. அதனால் கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி பிரிப்பதைப் பற்றியே இருக்கும். விலைகள் கணக்குக் காட்டுவதற்காக வைத்தவை, இன்றைய சந்தை விலை அல்ல. சூத்திரங்கள் கூகுள் ஷீட்ஸுக்கானவை. கைபேசியிலேயே திறக்கலாம் என்பதால் கடைகளில் அதுதான் அதிகம் புழங்குகிறது.

அட்டவணையை இப்படி அமையுங்கள். A-யில் பொருள். B-யில் வந்த அளவு, C-யில் வந்த விலை, இரண்டும் வந்த எழுத்து மாறாமல். D-யில் அளவின் எண், E-யில் அலகு, F-ல் விலையின் எண். G-யில் கிலோ விலை. H-ல் போன தடவை கிலோ விலை, I-ல் சோதனை, J-யில் குறிப்பு. B-யையும் C-யையும் கடைசிவரை அழிக்கக் கூடாது. நாளைக்கு மண்டிக்காரரிடம் தகராறு வந்தால் அவர் எழுதியதைக் காட்ட வேண்டியிருக்கும். நீங்கள் புரிந்துகொண்டதைக் காட்டிப் பயனில்லை.

ஏனுங்க, மிளகு ஏலக்காயெல்லாம் 50 கிராம், 100 கிராமாத்தானே ஓடுது? அதையும் கிலோவுக்கு மாத்தணுமா?

மாற்ற வேண்டும். 50 கிராம் பொட்டலத்துக்கு என்ன விலை என்பது நீங்கள் விற்கும் விதம். கிலோ விலை என்பது இரண்டு மண்டிகளை ஒப்பிடும் விதம். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் வைத்தால் அது மறுபடி கலவைப் பட்டியலாகிவிடும். கிலோ விலையிலிருந்து பொட்டல விலையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்: ஏலக்காய் கிலோ 3,500 என்றால் 50 கிராமுக்கு 0.05-ஆல் பெருக்கி 175.

கிராம் விலையை அடிப்படையாக வைப்பது சரிவராது. நாட்டுச்சர்க்கரை கிராமுக்கு 0.051 ரூபாய் வரும். இரண்டு தசமத்தில் காட்டச் சொன்னால் 0.05 ஆகி, கிலோ 51 ரூபாயும் 54 ரூபாயும் ஒன்றுபோலத் தெரியும். குவிண்டாலை அடிப்படையாக வைத்தால் ஏலக்காய் மூன்றரை லட்சம் ஆகிவிடும். கண்ணுக்குப் பழகிய எண் கிலோவில்தான் வருகிறது, பழகிய எண்ணில்தான் தப்பும் தெரியும்.

‘கி’ன்னு மட்டும் போட்டிருக்காங்க. அது கிராமா, கிலோவா?

தமிழ்ப் பட்டியல்களுக்கே உரிய சிக்கல் இது. கிராமும் கிலோவும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. புத்தகத்தில் கி என்றால் கிராம், கி.கி என்றால் கிலோகிராம். மண்டியில் அவசரமாக எழுதுகிறவர் இரண்டுக்கும் கி என்றே போடுவார். மேலே உள்ள பட்டியலில் 100கி மிளகு கிராம். 5 கி கொத்தமல்லி கிலோ.

எண் 50-க்கு மேலே போனால் கிராம், கீழே இருந்தால் கிலோ என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இதே பட்டியலில் அது உடைகிறது. ஏலக்காய் 50 கி என்பது கிராம், நாட்டுச்சர்க்கரை 60 கி என்பது கிலோ. எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏலக்காயைக் கிலோ என்று எடுத்தால் 50 கிலோ 175 ரூபாய், அதாவது கிலோ மூன்றரை ரூபாய். நாட்டுச்சர்க்கரையைக் கிராம் என்று எடுத்தால் கிலோ 51,000 ரூபாய். இரண்டு வாசிப்புக்கும் இடையே எப்போதும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருப்பதால், கடை நடத்துகிற எவருக்கும் எது சரி என்பதில் குழப்பம் வராது.

குழப்பம் கணினிக்குத்தான். ஆகவே மாற்று அட்டவணையில் வேண்டுமென்றே ‘கி’ என்ற வரியைச் சேர்க்காதீர்கள். சேர்க்காமல் விட்டால் அந்த வரி `#N/A` என்று நிற்கும். நீங்கள் பார்த்து E-யில் கிராம் அல்லது கிலோ என்று கையால் எழுதுவீர்கள். சேர்த்துவிட்டால் பாதி வரிகள் சத்தமில்லாமல் தப்பாகும். K, L நெடுவரிசையில் வைக்க வேண்டிய மாற்று அட்டவணை இது:

```
K            L
கிராம்        0.001
g            0.001
gm           0.001
gms          0.001
கிலோ         1
கிகி          1
kg           1
kgs          1
குவிண்டால்    100
டன்          1000
```

‘கிகி’ எதற்கு என்றால், கீழே வரும் சூத்திரம் அலகைப் பிரிக்கும்போது புள்ளிகளை எடுத்துவிடும், கி.கி அப்படித்தான் வந்து நிற்கும். ஆங்கில எழுத்தில் பெரியது சிறியது பற்றிக் கவலை வேண்டாம், தேடும் சூத்திரம் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது.

500 கி 330னா, அரைக்கிலோ 330-ஆ? இல்ல அரைக்கிலோ பாக்கெட், ரேட்டு கிலோ 330-ஆ?

இரண்டு வழக்கமும் உண்டு. அச்சடித்த பில்லில் ‘ரேட்’ என்ற கட்டம் பெரும்பாலும் கிலோவுக்கு. கையால் எழுதிய பட்டியலில் பெரும்பாலும் அந்தப் பொட்டலத்துக்கு. ஒரே மண்டி இரண்டையும் கலந்து எழுதுவது அபூர்வம். ஆகவே விலை உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளை அதே பட்டியலில் பார்த்தால் மற்றவையும் தெளிந்துவிடும். இங்கே மிளகு 100 கிராம் 92 என்பது பொட்டல விலையாகத்தான் இருக்க முடியும், கிலோ 92-க்கு மிளகு கிடையாது. அதே முறையில் வெண்ணெய் அரைக்கிலோ 330, கிலோ 660.

1/4னு அடிச்சா 1-ஏப்ரல்னு ஆயிருதுங்க. ஏன்?

இந்திய அமைப்பில் இருக்கும் ஷீட், 1/4 என்பதை நாள்/மாதம் என்று படிக்கிறது. கட்டத்தில் தேதி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரு பெரிய எண். 2025 ஏப்ரல் 1-க்கு அது 45748. சீரகத்தின் 85 ரூபாயை 45748-ஆல் வகுத்தால் கிலோ விலை 0.00 என்று வரும். G-யில் பூஜ்யத்தைக் கண்டால் முதலில் தேதியைச் சந்தேகப்படுங்கள். 1/2 பிப்ரவரி 1 ஆகும், 3/4 ஏப்ரல் 3 ஆகும். அமெரிக்க அமைப்பில் உள்ள ஷீட்டில் 1/4 ஜனவரி 4 ஆகிவிடும்.

ஒட்டிய பிறகு வடிவத்தை மாற்றினால் 1/4 திரும்பி வரும் என்று நம்ப முடியாது. ஒட்டுவதற்கு முன்பே B, C இரண்டையும் தேர்ந்தெடுத்து `Format → Number → Plain text` கொடுத்துவிடுங்கள். எக்செல் என்றால் கட்டத்தின் வகையை `Text` ஆக்குங்கள்.

அதன் பிறகு பின்னத்தைத் தசமமாக்க வேண்டும். B-யை M-ல் நகலெடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் தேடி மாற்றுங்கள், வரிசை முக்கியம். முதலில் `1 1/2` என்பதை `1.5` ஆக்குவதுபோல் முழு எண்ணோடு சேர்ந்த பின்னங்களையெல்லாம் மாற்றுங்கள், பிறகு `1/4`, `1/2`, `3/4`. தலைகீழாகச் செய்தால் ஒன்றரை ‘1 0.5’ ஆகி, சூத்திரம் முதல் எண்ணான 1-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒன்றரைக் கிலோவின் விலை ஒரு கிலோ விலையாகப் பதிவாகும். கைபேசி விசைப்பலகை ¼, ½ என்று ஒற்றை எழுத்தாகவும் போடும், அவற்றையும் இதே வரிசையில் மாற்றுங்கள். சீரகத்தில் உள்ளதுபோல் அலகே இல்லாமல் 1/4 என்று மட்டும் இருந்தால் அது கால் கிலோ. கால் கிராம் சீரகம் யாரும் விற்பதில்லை.

எண்ணையும் அலகையும் பிரிக்கச் சூத்திரம் இருக்குங்களா?

இருக்கிறது. D2, E2, F2, G2 நான்கிலும் முறையே இவை:

```
=VALUE(REGEXEXTRACT(M2,"[0-9.]+"))
=TRIM(REGEXREPLACE(M2,"[0-9., ]",""))
=VALUE(REGEXREPLACE(REGEXEXTRACT(C2,"[0-9][0-9.,]*"),",",""))
=F2/(D2*VLOOKUP(E2,$K$2:$L$11,2,FALSE))
```

மூன்றாவது சூத்திரம் ஏன் இவ்வளவு நீளம் என்றால், ‘ரூ.92’ என்பதில் உள்ள புள்ளிக்காக. எண்ணும் புள்ளியும் தவிர மற்றதை அழி என்று எளிதாக எழுதினால் ‘.92’ மிஞ்சும். மிளகு 92 காசு ஆகிவிடும். அதனால்தான் எண்ணில் தொடங்குகிற பகுதியை மட்டும் முதலில் எடுத்து, பிறகு காற்புள்ளியை நீக்குகிறோம். ‘92/-’ என்று எழுதியிருந்தாலும் இது சரியாக எடுக்கும்.

நான்காவதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். `$` குறி இல்லாவிட்டால், கீழே இழுக்க இழுக்க மாற்று அட்டவணையும் சேர்ந்து நகரும். மேல் வரிகள் சரியாகவும் கீழ் வரிகள் `#N/A` ஆகவும் இருந்தால் காரணம் இதுதான். கடைசி `FALSE` இல்லாவிட்டால் அலகு பொருந்தாதபோதும் ஏதோ ஒரு அண்டைய எண்ணை எடுத்துக் கணக்குப் போட்டுவிடும், பிழையே காட்டாது.

‘60 கி மூட்டை’, ‘15 கிலோ டின்’ போன்றவற்றில் இரண்டாவது சூத்திரம் ‘கிமூட்டை’, ‘கிலோடின்’ என்று ஒட்டித் தரும். மூட்டை, டின், அட்டை என்ற சொற்களை முன்கூட்டியே M-லிருந்து J-க்கு நகர்த்திவிடுங்கள். மஞ்சள் வரியில் எண்ணே இல்லை, M-ல் ‘1 குவிண்டால்’ என்று எழுதினால்தான் சூத்திரம் ஓடும்.

ஒன்று சொல்ல வேண்டும்: பட்டியல் நாற்பது வரிக்குள் இருந்தால் D, E, F மூன்றையும் கையால் அடிப்பதே வேகம். சூத்திரம் இருநூறு வரிக்கு.

E-யிலும் கிலோன்னுதான் இருக்கு, K-யிலும் கிலோன்னுதான் இருக்கு. அப்புறமும் #N/A வருதுங்க!

கண்ணுக்கு ஒன்று, உள்ளே இரண்டு. யூனிகோடில் ‘லோ’ என்பதை இரண்டு விதமாக அடிக்கலாம். ல-வோடு ஓகாரக் குறி ஒன்றே சேர்வது ஒரு விதம். ல-வோடு இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்வது இன்னொன்று. சில விசைப்பலகைகள் இரண்டாவது விதமாக அடிக்கின்றன. பார்வைக்கு வேறுபாடே தெரியாது. கண்டுபிடிக்க `=LEN(E2)` போடுங்கள். சரியான ‘கிலோ’வுக்கு 4 வரும், பிரிந்த ‘கிலோ’வுக்கு 5. பிரிந்ததை N2-ல் இப்படிச் சேர்த்து, வந்ததை E2-ல் `Paste special → Values only` என்று ஒட்டுங்கள்:

```
=SUBSTITUTE(E2,UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019))
```

3015 இரட்டைக்கொம்பு, 3006 துணைக்கால், 3019 இரண்டும் சேர்ந்த ஓகாரக் குறி. துணைக்காலை முதலில் போட்டுக் கொம்பைப் பிறகு போட்டவர்களும் உண்டு. அதற்கு 3006-ஐயும் 3015-ஐயும் இடம் மாற்றி இன்னொரு தடவை ஓட்ட வேண்டும்.

LEN 4 வந்தும் பொருந்தவில்லை என்றால் K-யில் உள்ள சொல்லின் நீளத்தைப் பாருங்கள். LEN 5 வந்து மேலே உள்ள சூத்திரத்துக்கும் மசியவில்லை என்றால், வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த உடையா இடைவெளி கூடவே இருக்கலாம். TRIM அதை எடுக்காது, `SUBSTITUTE(E2,CHAR(160),"")` எடுக்கும்.

மூட்டைன்னா எத்தனை கிலோன்னு மாற்று அட்டவணையிலயே போட்டுட்டா என்னங்க?

போடக் கூடாது, மூட்டை என்பது அலகல்ல. கவுந்தப்பாடியில் நாட்டுச்சர்க்கரை மூட்டை 60 கிலோ. சித்தோட்டில் வெல்லச் சிப்பம் 30 கிலோ. பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டும் கரும்பில் வந்தவை, எடை பாதிக்குப் பாதி. மில்களில் பஞ்சு விலை பேசும் கேண்டி 356 கிலோ. பெயரை வைத்து எடை போட்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

அரிசியில் இது இன்னும் நுணுக்கமானது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான, முத்திரையிட்ட அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு ஜிஎஸ்டி வந்தது. அதற்குப் பிறகு ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கின. பழைய ஷீட்டில் மூட்டை = 25 என்று இருந்தால் 1,404 ரூபாய் மூட்டை கிலோ 56.16 என்று காட்டும். உண்மையில் 26 கிலோ, கிலோ 54. இரண்டு ரூபாய் பதினாறு காசு வித்தியாசம் யார் கண்ணையும் உறுத்தாது. கிராம்-கிலோ குழப்பம் ஆயிரம் மடங்கில் கத்தும். மாசக்கணக்கில் கணக்கைத் தின்பது இந்த நாலு சதவீதத் தப்புதான்.

ஆகவே மூட்டை, சிப்பம், டின் எல்லாம் குறிப்பு நெடுவரிசைக்குப் போகட்டும். D-யில் பையின் மேல் அச்சிட்ட நிகர எடை வரட்டும். பட்டியலில் எடை இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

எண்ணெய் டின்னுல லிட்டரும் கிலோவும் ஒண்ணுதானுங்களே?

அல்ல. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஏறக்குறைய 920 கிராம். பட்டியலில் உள்ள இரண்டு டின்களைப் பாருங்கள்:

15 லிட்டர் டின்னில் இருப்பது 15 × 0.91 = 13.65 கிலோ. 2,730 ரூபாயை 13.65-ஆல் வகுத்தால் கிலோ 200. 15 கிலோ டின் 2,880 ரூபாய், கிலோ 192. மேலாகப் பார்த்தால் 150 ரூபாய் அதிகமாகத் தெரிகிற டின்தான் கிலோவுக்கு 8 ரூபாய் மலிவு. அதில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் எண்ணெய் இருக்கிறது. இரண்டையும் ‘டின்’ என்று ஒரே வரியில் வைத்து விலையை மட்டும் ஒப்பிட்டவர் தப்பான டின்னைத்தான் வாங்கியிருப்பார்.

மாற்று அட்டவணையில் ‘லி’ சேர்க்காததும் இதனால்தான். எண்ணெய்க்கு 0.91 போட்டு வைத்தால் அதே எண் ஒரு நாள் தேனுக்கும் பாலுக்கும் பொருந்திவிடும். தேன் லிட்டருக்கு சுமார் 1.4 கிலோ, பால் 1.03. லிட்டர் வரிகளில் D-யில் எடையைக் கணக்கிட்டு எழுதி, E-யில் கிலோ என்று போட்டு, பெருக்கிய எண்ணை J-யில் குறித்துவிடுங்கள்: ‘15 லி × 0.91’.

பாக்கெட்டில் லிட்டரும் கிராமும் சேர்த்து அச்சிட்டிருந்தால் 0.91-ஐ மறந்துவிட்டு அந்தக் கிராமையே எடுங்கள். லிட்டர் பாக்கெட் உயரத்தில், அதே அகலத்தில், 910-க்குக் குறைவான கிராம் அச்சிட்ட பாக்கெட்டுகளும் அலமாரியில் உண்டு. வெயிலில் எண்ணெய் விரியும், மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும். இரண்டிலும் லிட்டர் மாறும், கிலோ மாறாது. காங்கேயம் பக்கம் செக்கில் லிட்டர் கணக்கில் வாங்கினாலும் ஒரு தடவை தராசில் வைத்து நிறுத்து உங்கள் எண்ணை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். காலி டின்னை முதலில் நிறுத்துக் கழிக்க மறக்காதீர்கள்.

விற்பது லிட்டரில் என்றால், கிலோ விலையை 0.91-ஆல் பெருக்கினால் லிட்டர் அடக்கம் வரும். முதல் டின் லிட்டர் 182, இரண்டாவது 174.72.

முட்டை, தேங்காய், படிக்கணக்கு எல்லாம்?

கிலோவுக்குள் திணிக்க வேண்டாம். முட்டைக்குத் தனி அட்டவணை, அடிப்படை ஒரு முட்டை: அட்டைக்கு 30, ஆகவே 165-ஐ 30-ஆல் வகுத்து 5.50. நாமக்கல் விலை பத்திரிகையில் ஒரு முட்டைக்கும், முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்.இ.சி.சி-யின் பட்டியலில் நூறு முட்டைக்கும் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தேங்காய் எண்ணிக்கையிலும் வரும், எடையிலும் வரும். எண்ணிக்கை விலையைக் கிலோ விலையாக்க நிலையான எண் கிடையாது. காய் பெருத்ததா சிறுத்ததா என்பதைப் பொறுத்தது. வந்த சரக்கில் இருபது காயை நிறுத்துச் சராசரி எடுத்தால் அந்தச் சரக்குக்கு மட்டும் செல்லும். படி கொள்ளளவு, எடையல்ல. ஒரு படி அரிசியும் ஒரு படி கொள்ளும் ஒரே எடை வராது. பொருளுக்குப் பொருள் ஒரு முறை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

சாக்கு எடை, வரி, லாரி வாடகையெல்லாம் எங்க வைக்கறது?

கிலோ விலையில் கலக்காதீர்கள். நிகர எடைதான் D-யில் வர வேண்டும். மொத்த எடையில் பில் போடுகிற மண்டி என்றால் காலிச் சாக்கு ஒன்றை நிறுத்துக் கழித்து எழுதுங்கள். விலை வரி சேர்ந்ததா சேராததா என்பது முழுப் பட்டியலுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மண்டி சேர்த்தும் மற்றது சேர்க்காமலும் தந்தால், எல்லாவற்றையும் சேர்க்காத விலைக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். வாடகைக்கு அடுத்த ஷீட்.

பாக்கெட்டுலயே ‘ஒரு கிராம் 0.35’னு அச்சிட்டிருக்கே. அதை ஆயிரத்தால பெருக்கினா போதாதா?

தோராயத்துக்குப் போதும், கணக்குக்குப் போதாது. அளவு ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராம் விலையும், அதற்கு மேற்பட்டதில் கிலோ விலையும் அச்சிட வேண்டும் என்பது பொட்டலப் பொருள் விதி. அந்த எண் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கப்பட்டது. 250 கிராம் 87 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.348, அச்சில் 0.35. ஆயிரத்தால் பெருக்கினால் 350, உண்மையில் 348. இப்படிக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் வரை மேலும் கீழும் போகலாம். அதோடு அது அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து வந்தது, நீங்கள் வாங்கிய விலையிலிருந்து அல்ல. உங்கள் ஷீட்டிலும் இதே தப்பு வரக் கூடாது: G-யில் ROUND போடாதீர்கள், கண்ணுக்கு இரண்டு தசமம் காட்டினால் போதும்.

கடைசியா எப்படி இருக்கணும்? சரியான்னு எப்படிப் பாக்கறது?

| பொருள் | வந்தபடி | எடை (கிலோ) | விலை (ரூ.) | கிலோ விலை (ரூ.) |
|---|---|---|---|---|
| மிளகு | 100கி ரூ.92 | 0.1 | 92 | 920.00 |
| சீரகம் | 1/4 - 85 | 0.25 | 85 | 340.00 |
| ஏலக்காய் | 50 கி - 175 | 0.05 | 175 | 3,500.00 |
| கொத்தமல்லி | 5 கி 640 | 5 | 640 | 128.00 |
| விரலி மஞ்சள் | குவிண்டால் 14,800 | 100 | 14,800 | 148.00 |
| நாட்டுச்சர்க்கரை | 60 கி மூட்டை 3,060 | 60 | 3,060 | 51.00 |
| பொன்னி அரிசி | மூட்டை 1,404 | 26 | 1,404 | 54.00 |
| வெண்ணெய் | 500 கி 330 | 0.5 | 330 | 660.00 |
| கடலை எண்ணெய் | 15 லி டின் 2,730 | 13.65 | 2,730 | 200.00 |
| கடலை எண்ணெய் | 15 கிலோ டின் 2,880 | 15 | 2,880 | 192.00 |

முதல் சோதனை, வந்த பட்டியலில் 11 வரி, இங்கே 10 வரியும் முட்டை அட்டவணையில் 1 வரியும் இருக்கின்றனவா என்று எண்ணுவது. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது இரண்டு வரி ஒரே கட்டத்தில் விழுவது சகஜம். இரண்டாவது, போன தடவை விலையோடு ஒப்பிடுவது. I2-ல்:

```
=IF(ABS(G2/H2-1)>0.15,"பார்","")
```

பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ ‘பார்’ என்று வரும். சீரகத்தின் கால் கிலோ விலையைக் கிலோ விலையாக எடுத்திருந்தால் 85 என்று நின்று இதில் மாட்டும். அரிசியின் 25, 26 வித்தியாசமும் எண்ணெயின் லிட்டர், கிலோ வித்தியாசமும் இந்தச் சல்லடையில் நிற்காது. இரண்டும் பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். சல்லடையை ஐந்து சதவீதமாக்கினால் மஞ்சளும் ஏலக்காயும் தினமும் ‘பார்’ சொல்லும், நாலு நாளில் யாரும் பார்க்க மாட்டார்கள். மூட்டை, டின் வரிகளுக்குச் சூத்திரத்தை நம்பாமல், சரக்கு இறங்கும்போது பையில் அச்சிட்ட எடையை D-யோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம் புதுப் பட்டியல் வந்தா முதல்லயிருந்து செய்யணுமா?

வேண்டாம். புதியதை ஒட்டுவதற்கு முன் G முழுவதையும் நகலெடுத்து H-ல் `Paste special → Values only` என்று ஒட்டுங்கள். சாதாரணமாக ஒட்டினால் சூத்திரமே H-க்குப் போய், ஒரு நெடுவரிசை தள்ளி வேறு கட்டங்களைக் கணக்கிடும். அதைச் சரி செய்யப்போய் H2-ல் `=G2` என்று எழுதுகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் I ஒருபோதும் ‘பார்’ சொல்லாது. பிறகு B-யையும் C-யையும் புதிய பட்டியலால் நிரப்பி, M-ல் பிரதியைப் புதிதாக எடுத்துப் பின்னங்களை மாற்றுங்கள், கையால் எழுதிய D, E கட்டங்களையும் ஒரு தடவை சரிபாருங்கள். மண்டி பொருள்களின் வரிசையை மாற்றி அனுப்பியிருந்தால், H-ம் பழைய வரிசையில் நின்று மிளகை ஏலக்காயோடு ஒப்பிடும். ஆகவே A-யில் உள்ள பெயரும் புதிய பட்டியலின் பெயரும் வரிக்கு வரி ஒன்றா என்று பார்த்த பிறகே ஒட்டுங்கள்.